கார் இல்லாத கார் விபத்து

வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா, கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். சோபாவிலிருந்து மனைவியும் மகளும் சிரித்தபடி பார்க்கிறார்கள். சட்டென்று அவர் முகம் மாறுகிறது. மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். மனைவி தோள் வழியாக மார்பை அணைத்துக்கொள்கிறார். மோதலில் அவர் உடல் உலுக்கப்படுகிறது, கால் பட்ட மேசையிலிருந்து ஜிகினா சிதறுகிறது. அவரோ நாற்காலியிலேயே இருக்கிறார்.

2010இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிக்காக டேனியல் காக்ஸ் இயக்கிய ‘எம்பிரேஸ் லைஃப்’ விளம்பரம் இது. ரத்தமோ வசனமோ இல்லை.

அந்தக் கைகள் இருக்கும் இடங்கள்தான் சீட் பெல்ட்டின் இடங்களும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவர் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறார். அந்த விசையைப் பெல்ட் இடுப்பெலும்புக்கும் மார்புக்கூட்டுக்கும் பகிர்ந்து தருகிறது. வயிற்றின்மேல் ஏறிய பெல்ட் குடலை நசுக்கலாம். அக்குளுக்கடியில் செருகியது விலா எலும்பை முறிக்கலாம்.

ஹெல்மெட்டில் அடியை வாங்குவது உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை. அது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. தாடைப்பட்டியை மாட்டாவிட்டால், தலை தரையில் படுமுன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிடும்.