வரிசை மாறியது, வாக்கு மாறவில்லை

2011 ஜூலை 28 அன்று ஜாவா 7 வெளியானது. பழைய ஜாவாவில் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஓடிய சில நிரல்கள், புதியதற்கு மாறியதும் திடீரென நின்றுபோயின. நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. திரையில் தெரிந்த பிழைச் செய்தி இதுதான்: `Comparison method violates its general contract!` அதாவது, ஒப்பிடும் மெதட் தன் பொது ஒப்பந்தத்தை மீறிவிட்டது.

எந்த ஒப்பந்தம்? அது ஜாவாவின் ஆவணத்திலேயே இருந்தது. நிரலின் மேலே எழுதப்படும் கமென்ட்டிலிருந்துதான் அந்த ஆவணம் தயாராகிறது. மெதட் என்ன செய்யும், அதற்கு ஈடாக நாம் எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் சில வரிகள் அவை. பைத்தானில் இதையே டாக்ஸ்ட்ரிங் என்பார்கள். பலர் படிக்காமல் தாண்டிப் போகும் இந்த வரிகளுக்கு எவ்வளவு கனம் என்பதை ஜாவா 7 காட்டிக்கொடுத்தது.

மாணவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்தும் வேலையை ஜாவாவே செய்துவிடும். இருவரில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். அதற்கு எழுதும் மெதட்தான் `compare`. முதலாமவர் முன்னால் வர வேண்டுமானால் குறை எண், பின்னால் வர வேண்டுமானால் மிகை எண், இருவரும் சமமானால் பூஜ்யம் என்று அது விடை தர வேண்டும். அவசரத்தில் பலர் இப்படி எழுதினார்கள்:

```java
int compare(Student a, Student b) {
    return a.marks > b.marks ? 1 : -1;
}
```

முதலாமவர் அதிகம் பெற்றிருந்தால் 1, இல்லாவிட்டால் -1. பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்பு, கண்ணன் இருவருமே 72 மதிப்பெண் என்றால்? அன்பையும் கண்ணனையும் ஒப்பிடச் சொன்னால் அன்பு முன்னால் என்கிறது. கண்ணனையும் அன்பையும் என்று மாற்றிக் கேட்டால் கண்ணன் முன்னால் என்கிறது. ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் முரணான பதில்.

இதைச் செய்யக் கூடாது என்று அந்த மெதட்டின் ஆவணம் தெளிவாகவே சொல்லியிருந்தது. இருவரையும் இடம் மாற்றிக் கேட்டால் விடையின் குறி நேர் எதிராக வேண்டும். முதலாவது இரண்டாவதைவிடப் பெரிது, இரண்டாவது மூன்றாவதைவிடப் பெரிது என்றால், முதலாவது மூன்றாவதைவிடவும் பெரிதாக இருக்க வேண்டும். 1998-இல் வந்த ஜாவா 1.2 காலத்திலிருந்தே இருந்த நிபந்தனைகள் இவை.

அப்படியானால் அத்தனை ஆண்டுகளாக அந்தத் தவறான நிரல் எப்படி ஓடியது? பழைய ஜாவா வரிசைப்படுத்திய விதம்தான் காரணம். அது பயன்படுத்திய மெர்ஜ்சார்ட் முறை, பட்டியலில் முன்னால் இருப்பவரை எப்போதும் முதலாவதாகவும், பின்னால் இருப்பவரை இரண்டாவதாகவும் வைத்தே கேள்வி கேட்டது. மதிப்பெண் சமமாக இருக்கும்போது -1 என்ற விடை வந்தால், 'முன்னால் இருப்பவர் முன்னாலேயே இருக்கட்டும்' என்று ஆகிவிடும். அது தற்செயலாகச் சரியான முடிவு. கேள்வியை யாரும் திருப்பிக் கேட்கவே இல்லை. அதனால் முரண்பாடு வெளியே தெரியவும் இல்லை.

ஜாவா 7-இல் டிம்சார்ட் என்ற வேறு முறை வந்தது. டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக உருவாக்கிய முறை அது. ஜாஷுவா பிளாக் அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார். ஏற்கெனவே ஓரளவு வரிசையாக இருக்கும் பட்டியலை அது மிக விரைவாக முடித்துவிடும். ஆனால் அது முதல் அடியிலேயே பின்னால் இருப்பவரை முதலாவதாக வைத்துக் கேட்கிறது. அன்பு, கண்ணன் என்ற பட்டியலைக் கொடுத்தால், கண்ணனையும் அன்பையும் ஒப்பிடச் சொல்கிறது. -1 வருகிறது. பட்டியல் தலைகீழாக இருப்பதாக எண்ணிப் புரட்டிவிடுகிறது. பெயர்வரிசையில் இருந்த சம மதிப்பெண்காரர்கள் இடம் மாறிப்போகிறார்கள். பட்டியல் பெரிதானால், ஒரு கட்டத்தில் நடக்கவே கூடாத நிலை ஒன்றை அந்த முறை கண்டுபிடித்து, மேலே சொன்ன பிழைச் செய்தியோடு நின்றுவிடலாம்.

நின்றுவிடலாம் என்பதைக் கவனியுங்கள். எப்போதும் நிற்காது. 32-க்குக் குறைவான உறுப்புகள் கொண்ட பட்டியலில் அந்தச் சோதனை இருக்கும் பகுதிக்கே நிரல் போவதில்லை. பத்துப் பெயரை வைத்துச் சோதித்தவருக்கு எந்தப் பிழையும் வந்திருக்காது. பயனரிடம் போய், பெரிய பட்டியல் வந்த ஒரு நாளில்தான் நிரல் விழும். திருத்தமோ ஒரே வரிதான்: `return Integer.compare(a.marks, b.marks);`

இந்தக் கதையில் ஒப்பந்தத்தின் மறுபக்கமும் இருக்கிறது. வரிசைப்படுத்தும் முறையையே மாற்ற ஜாவாக்காரர்களுக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டிருந்தால், அதற்கும் விடை ஆவணத்திலேயே இருந்தது. `Arrays` என்ற அந்த கிளாஸின் தலைப்புக் கமென்ட், உள்ளே எந்த முறை ஓடுகிறது என்ற விவரமெல்லாம் வெறும் குறிப்புகளே, வாக்குறுதியின் பகுதி அல்ல என்று சொல்கிறது. அதற்கு உதாரணமாக இதே வரிசைப்படுத்தலைத்தான் காட்டுகிறது: அது மெர்ஜ்சார்ட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சமமானவை பழைய வரிசையிலேயே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். எதைக் காப்பாற்றுவோம், எதை மாற்றுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்ததால்தான், பல ஆண்டுகள் கழித்து எந்த வாக்கையும் மீறாமல் வேகமான முறைக்கு மாற முடிந்தது.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளர், குடியிருப்பவர் என இரண்டு பக்கத்துக்கும் கடமை எழுதுவதைப்போல, ஒரு மெதட்டின் கமென்ட்டிலும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அழைப்பவர் எதைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் எது நடக்கும்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எதற்கு உறுதி இல்லை? இந்த நான்குக்கும் விடை இருந்தால்தான் அது ஒப்பந்தம்.

பேருந்து இருக்கைப் பதிவு செய்யும் ஒரு கிளாஸில் வைத்து இதைப் பார்ப்போம். வழக்கமாக எழுதப்படும் கமென்ட் இப்படி இருக்கும்:

```java
/** இருக்கையைப் பதிவு செய்கிறது. */
boolean book(int seat, String name)
```

`book` என்ற பெயரே சொல்லிவிட்டதைத்தான் கமென்ட்டும் திரும்பச் சொல்கிறது. பயன்படுத்துபவருக்கு எழும் கேள்விகள் வேறு. இருக்கை எண் 0-இலிருந்து தொடங்குமா, 1-இலிருந்தா? ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்த இருக்கையைக் கேட்டால் பழைய பெயர் அழிந்துவிடுமா? `false` வந்தால் என்ன பொருள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அவர் உள்ளே இருக்கும் நிரலைப் படிக்க வேண்டியிருக்கும். படித்து, இன்று நிரல் செய்வதை நாளையும் செய்யும் என்று நம்பிவிடுவார். ஜாவா 7-இல் மாட்டிக்கொண்டவர்களின் நிலைமைக்கு அவரும் வந்துவிட்டார் என்று பொருள்.

ஒப்பந்தமாக எழுதினால் இப்படி அமையும்:

```java
/**
 * காலியான ஓர் இருக்கையை ஒருவருக்குப் பதிவு செய்கிறது.
 * @param seat 1 முதல் capacity() வரை
 * @param name வெற்றாக இருக்கக் கூடாது
 * @return பதிவானால் true; முன்பே வேறு பதிவு
 *         இருந்தால் false, அந்தப் பதிவு மாறாது
 * @throws IllegalArgumentException seat அல்லது name
 *         தவறானால்; எந்தப் பதிவும் மாறாது
 */
boolean book(int seat, String name)
```

இடம் இல்லை என்பது அன்றாடம் நடப்பது, அதற்கு `false`. 45-ஆம் இருக்கையே இல்லாத பேருந்தில் 45 கேட்பது அழைத்தவரின் தவறு, அதற்குப் பிழை. இந்த வேறுபாட்டை எழுதி வைத்தால்தான், அழைப்பவர் எந்த இடத்தில் 'வேறு இருக்கை தேர்ந்தெடுங்கள்' என்று பயணியிடம் சொல்வது, எந்த இடத்தில் தன் நிரலைத் திருத்துவது என்று முடிவு செய்ய முடியும். 'எந்தப் பதிவும் மாறாது' என்பதும் முக்கியமான வாக்கு. அது இல்லாவிட்டால், பிழை வந்த பிறகு பதிவேட்டை நம்பலாமா கூடாதா என்று தெரியாது.

எல்லா மெதட்டுக்கும் பொதுவான உறுதிமொழிகளை கிளாஸின் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். ஓர் இருக்கை எந்த நேரத்திலும் ஒருவருக்கு மேல் பதிவாகியிராது என்பது அப்படி ஒன்று. பல திரெட்கள் ஒரே நேரத்தில் இந்த கிளாஸைத் தொடக் கூடாது என்றால் அதுவும் அங்கேதான் வர வேண்டும். உறுதி இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். காலி இருக்கைகளைப் பட்டியலாகத் தரும் `freeSeats` மெதட்டில், 'பட்டியலின் வரிசைக்கு உறுதியில்லை' என்ற ஒரு வரி இருந்தால், நாளை உள்ளே சேமிக்கும் விதத்தை மாற்றும் சுதந்திரம் எழுதியவருக்குக் கிடைக்கிறது. உள்ளே இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டுமானால், அது குறிப்புதான் என்று பிரித்துக் காட்டலாம். ஜாவாவின் சொந்த ஆவணங்களில் அதற்கென்றே `@implNote` என்ற அடையாளம் 8-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கமென்ட்டைக் கம்பைலர் படிப்பதில்லை. நிரலை மாற்றிவிட்டுக் கமென்ட்டை மறந்தால், இல்லாத வாக்கை நம்பி யாரோ ஏமாறுவார். இதைத் தடுக்க ஒரு நேரடி வழி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுவது. `book` மெதட்டுக்கு 0 கொடுத்தால் பிழை வருகிறதா, முன்பே எடுத்த இருக்கையில் பழைய பெயர் அப்படியே இருக்கிறதா என்று. டெஸ்ட் எழுத முடியாத அளவுக்கு வரி மங்கலாக இருந்தால், அது இன்னும் வாக்குறுதியாகவில்லை. ஆனால் திரெட் பற்றிய வரியைப் போலச் சிலவற்றை டெஸ்ட்டாலும் எளிதில் பிடிக்க முடியாது. அங்கே எழுத்து ஒன்றுதான் துணை.

எழுதியதை எல்லோரும் படிப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நிரல் வெளியே காட்டும் எந்த நடத்தையையும், வாக்கு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், யாரோ ஒருவர் நம்பியே இருப்பார். ஜாவா 7-ஐ வெளியிட்டவர்களும் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் பழைய முறைக்குத் திரும்ப `java.util.Arrays.useLegacyMergeSort` என்ற அமைப்பையும் கூடவே கொடுத்தார்கள். ஆனால் அதைச் சலுகையாகக் கொடுத்தார்களே தவிர, கடமையாகக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததால், தவறு எந்தப் பக்கம் என்பதில் வாதத்துக்கு இடமே இருக்கவில்லை.

அடுத்த முறை நீங்கள் ஒரு மெதட்டுக்குக் கமென்ட் எழுதும்போது, உள்ளே இருக்கும் நிரலை மறைத்துவிட்டு அந்தக் கமென்ட்டை மட்டும் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அவரால் அந்த மெதட்டைப் பயன்படுத்த முடிந்தால் அதுவே போதும். அவர் கேட்கும் கேள்விகள்தான் நீங்கள் எழுத மறந்த வரிகள்.