சில்லுகளின் தூரத்தைக் கூட்டிப் பார்க்கும் தேடல்

மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சட்டம். அதில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட சில்லுகள். ஓர் இடம் காலி. பக்கத்திலுள்ள சில்லைக் காலியிடத்துக்குள் தள்ளலாம் என்பது மட்டுமே விதி. வரிசையாக அடுக்கிய நிலையிலிருந்து இப்படித் தள்ளித் தள்ளியே 1,81,440 விதமான நிலைகளை உண்டாக்கலாம். அவற்றில் எதைக் கொடுத்தாலும் 31 நகர்வுகளுக்குள் பழையபடி அடுக்கிவிட முடியும். மிகக் குறுகிய அந்த வழியைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? கீழேயுள்ள நிலையை எடுத்துக்கொள்வோம்.

```
1 2 3
_ 4 6
7 5 8
```

இங்கே 1, 7, 4 ஆகிய மூன்றில் எதையும் நகர்த்தலாம். எது நல்லது என்று குருட்டுத் தேடலுக்குத் தெரியாது. அது முதலில் ஒரு நகர்வில் எட்டும் நிலைகள் அனைத்தையும் பார்க்கும். பிறகு இரண்டு நகர்வில் எட்டுபவை, அதன்பின் மூன்றில் எட்டுபவை. வந்த வழியே திரும்பாவிட்டாலும் அவை 3, 5, 10 என்று பெருகும். விடை மூன்றே நகர்வுகள்தான். அதற்குள் தொடக்கத்தையும் சேர்த்து 19 நிலைகள் குவிந்துவிடுகின்றன.

இப்போது எளிய கூட்டல் ஒன்று. ஒவ்வொரு சில்லும் தன் சொந்த இடத்திலிருந்து குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ணிக் கூட்டுவோம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் இதற்கு மன்ஹாட்டன் தூரம் என்று பெயர். நம் புதிரில் 4, 5, 8 ஆகியவை ஒவ்வொரு கட்டம் விலகியிருப்பதால் தூரம் 3. நான்கை இடப்பக்கம் தள்ளினால் அது 2 ஆகக் குறையும். ஒன்றையோ ஏழையோ நகர்த்தினால் 4 ஆக உயரும்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் மூவரும் 1968-இல் வெளியிட்ட ஏ-ஸ்டார் என்ற தேடல் முறை இத்தகைய மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறது. இதுவரை ஆன நகர்வுகளோடு மிச்சத் தூரத்தைக் கூட்டி, கூட்டுத்தொகை எந்த நிலைக்கு மிகக் குறைவோ அதையே அடுத்து விரிக்கும். நம் புதிரில் நான்கை நகர்த்தினால் 1+2=3; மற்ற இரண்டுக்கும் 1+4=5. எனவே அது நான்கு, ஐந்து, எட்டு என்று நேராகப் போய் முடிக்கிறது. மற்ற இரண்டு கிளைகளை அது தொடுவதே இல்லை.

தொடாமல் விட்ட கிளையில் இன்னும் குறுகிய வழி ஒளிந்திருந்தால்? அப்படி இருக்கவே முடியாது. ஒரு நகர்வு ஒரே சில்லை ஒரே கட்டம்தான் நகர்த்தும். ஆகவே மொத்தத் தூரம் ஒரு நகர்வில் ஒன்றுக்கு மேல் குறையாது. தூரம் 4 என்றால் குறைந்தது நான்கு நகர்வுகள் தேவை. மதிப்பீடு உண்மையைத் தாண்டுவதே இல்லை என்பதால், 5 என்று காட்டும் கிளை மூன்றில் முடிய வழியில்லை.

இந்த உறுதியை ஒரு சிறு தவறு குலைத்துவிடும்: காலியிடத்தின் தூரத்தையும் சேர்த்து எண்ணுவது. எட்டும் காலியிடமும் மட்டும் இடம் மாறியிருந்தால் தேவை ஒரே நகர்வு. ஆனால் கணக்கு 2 என்று காட்டும். மதிப்பீடு உண்மையை மிஞ்சிவிட்டால், கிடைத்த விடைதான் மிகக் குறுகியது என்று இனி நம்ப முடியாது.

கூட்டுத்தொகைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒவ்வொரு நகர்விலும் தூரம் ஒன்று குறையும் அல்லது ஒன்று கூடும். நகர்வு எண்ணிக்கையோ ஒன்று கூடியே தீரும். ஆகவே கூட்டுத்தொகை அப்படியே நிற்கும், இல்லையேல் சரியாக இரண்டு ஏறும். 15 சில்லுப் புதிரில் இது பெரிதும் உதவியது. அங்கே நிலைகள் பத்து லட்சம் கோடிக்கும் மேல். ஏ-ஸ்டார் பார்த்த நிலைகளையெல்லாம் நினைவில் வைத்திருக்க முயன்றால் நினைவகம் நிரம்பிவிடும். 1985-இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கோர்ஃப் வேறு வழி கண்டார். கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பு வைத்து, ஒரே பாதையில் ஆழமாகப் போகவேண்டும். வரம்பு மீறினால் பின்வாங்கி வேறு பாதை பிடிக்கவேண்டும். விடை கிடைக்காவிட்டால் வரம்பை இரண்டு உயர்த்தி மறுபடி தொடங்கவேண்டும். நினைவில் வைக்கவேண்டியது நடப்புப் பாதை மட்டுமே.

அவர் தீர்த்த நூறு புதிர்களின் விடை சராசரியாக 53 நகர்வுகள். ஒரு புதிருக்கு உருவாக்கிய நிலைகள் சராசரியாகச் சுமார் 36 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளைப் பார்க்கும் கணினிக்கு இது ஆறு நிமிட வேலை. அதே ஆழத்துக்குக் குருட்டுத் தேடல் போனால் மொத்த நிலைகளில் ஏறத்தாழப் பாதியைப் பார்த்தாகவேண்டும். அதே கணினிக்கு அது இரண்டு மாத வேலை.

இந்தக் கூட்டலுக்குக் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. சில்லுகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகலாம் என்பதுபோலவே அது கணக்கிடுகிறது. மேல்வரிசையில் 1, 2 என்பவை 2, 1 என்று மாறிக் கிடந்தால் தூரம் வெறும் 2. உண்மையில் ஒன்று வரிசையைவிட்டு இறங்கி, மற்றதற்கு வழிவிட்டு, திரும்ப ஏறவேண்டும். அதற்குக் கூடுதலாகக் குறைந்தது இரண்டு நகர்வுகள் பிடிக்கும். இந்த மோதலுக்கு இரண்டைக் கூட்டிக்கொண்டாலும் மதிப்பீடு உண்மையைத் தாண்டாது. 15 சில்லுப் புதிரில் அந்தச் சிறு திருத்தமே தேடலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.