சிஸ்டம் பார்த்தவர் கிளம்பும்போது

நடுத்தர ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 15 கம்ப்யூட்டர்கள். மூலையில் இருக்கும் ஒன்றை எல்லோரும் 'சர்வர்' என்பார்கள். டேலி டேட்டா முழுக்க அதில்தான். இரண்டு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், பிராட்பேண்ட், சிசிடிவி. இவ்வளவையும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டவருக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. "போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க தம்பி" என்கிறார் ஆடிட்டர்.

தம்பியும் எழுதுகிறார். ஓர் எக்செல் ஷீட்: எந்த மேஜையில் எந்த கம்ப்யூட்டர், அதன் ஐபி முகவரி, பாஸ்வேர்டு, பிரிண்டர் சர்வீஸ்காரரின் போன் நம்பர். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் இதில் பாதிக்கு மேல், புதிதாக வருபவர் ஒரு நாள் அலுவலகத்தைச் சுற்றி வந்தாலே தெரிந்துகொள்ளக்கூடியவை. பாஸ்வேர்டு அந்த ஷீட்டில் இருக்கவே கூடாது. அதைத் தனியாக முதலாளி கையில் கொடுக்க வேண்டும், அவர் போன மறுநாளே மாற்றிவிடவும் வேண்டும். ஹேண்டோவர் நோட்டில் இருக்க வேண்டியவை வேறு. அப்டேட் எப்போது போடுவது, ஏன் அப்போது. வெண்டரைக் கூப்பிட்டால் அவர் யாரை நம்பிப் பேசுவார். செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது எது. இந்த மூன்றும் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன.

முதலில் அப்டேட். விண்டோஸுக்கான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை. ஆக, நம் ஊர் அலுவலகத்துக்கு அது புதன்கிழமை காலையில்தான் வந்து நிற்கும். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8 முதல் 14-ஆம் தேதிக்குள் விழும். ஆடிட்டர் அலுவலகத்தின் காலண்டரோ வேறு மாதிரி: மாதாமாதம் கணக்குக் காட்டும் வாடிக்கையாளர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். பல மாதங்களில் ஜிஎஸ்டிஆர்-1 மும்முரத்துக்கு நடுவில்தான் அப்டேட் வந்து, 'ரீஸ்டார்ட் செய்யட்டுமா' என்று கேட்கிறது.

விவரம் தெரிந்தவர் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார். இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்து வரும் சனிக்கிழமை எப்போதும் 12 முதல் 18-க்குள் வரும். அதாவது 11 முடிந்த பிறகு, 20 வருவதற்கு முன். ஆகவே சனிக்கிழமை மாலை, வேலை முடிந்ததும் எல்லா மெஷினுக்கும் அப்டேட். அதற்கு முன்பே, வியாழனன்று இரண்டு மெஷினில் மட்டும் போட்டுப் பார்ப்பது. அன்று 11-ஆம் தேதியாக இருந்தால் வெள்ளிக்குத் தள்ளிவிடுவது. எந்த இரண்டு? பிரிண்டர் மாட்டியிருக்கும் மெஷின் ஒன்று, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போடும் மெஷின் ஒன்று. போட்ட பிறகு மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வேறு மேஜையிலிருந்து பிரிண்ட் போகிறதா, சர்வரில் இருக்கும் டேலி கம்பெனி திறக்கிறதா, ஜிஎஸ்டி தளத்தில் டோக்கன் கையெழுத்து ஏறுகிறதா. ஏதாவது ஒன்று நின்றுவிட்டால், அப்டேட் ஹிஸ்டரிக்குப் போய் அந்த `KB` எண்ணைக் குறித்துக்கொண்டு அதை நீக்கிவிடலாம். மீதி 13 மெஷின்களில் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்க விண்டோஸிலேயே வழி உண்டு.

இதற்கும் விதிவிலக்கு உண்டு, அதையும் நோட்டில் எழுத வேண்டும். செவ்வாய் 14-ஆம் தேதி விழுந்தால் சனி 18, திங்கள் 20. ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஒரே ஒரு ஞாயிறு. 2025 அக்டோபரில் இதுதான் நடந்தது. 14-ஆம் தேதி செவ்வாய், 20-ஆம் தேதி திங்கள், அன்றைக்கே தீபாவளியும். கடைசியில் 3பி-க்கு 25 வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். ஆனால் அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. அப்படிப்பட்ட மாதத்தில் எல்லா மெஷினுக்கும் அப்டேட் 20 கழிந்த பிறகுதான் என்று ஒரு வரி போதும். "மாதாமாதம் அப்டேட் செய்யவும்" என்று எழுதிவிட்டுப் போனால், இந்தக் கணக்கைப் புதியவர் ஒரு முறை அடிபட்டுத்தான் கற்றுக்கொள்வார்.

அடுத்தது வெண்டர் விவரம். போன் நம்பர் எங்கும் கிடைக்கும். கூப்பிட்டதும் எதிர்முனையில் கேட்பார்களே, கஸ்டமர் ஐடி என்ன, சீரியல் நம்பர் என்ன, ஏஎம்சி எது வரை, பதிவு செய்த மொபைல் நம்பர் சொல்லுங்கள் என்று. அந்தப் பதில்கள்தான் வேண்டும். அதிலும் கடைசிக் கேள்விதான் பெரும்பாலான அலுவலகங்களைக் கவிழ்க்கிறது. பிராட்பேண்ட் வாங்கிய அன்று முதலாளி ஊரில் இல்லை, ஓடிபி வர வேண்டும், தம்பி தன் நம்பரைக் கொடுத்துவிட்டார். டேலி லைசென்ஸ் ஆக்டிவேட் செய்த அன்று அலுவலகத்துக்கென்று இமெயில் இல்லை, தன் ஜிமெயிலைக் கொடுத்தார். இணையதளப் பெயர் அவர் பேரிலேயே பதிவாகியிருக்கிறது. சிசிடிவி ஆப்பில் ஓனர் அவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அன்றைய வேலை நடக்க வேண்டுமே என்று செய்ததுதான். ஆனால் டொமைன் புதுப்பிக்கச் சொல்லும் இமெயில் அடுத்த வருடம் அவருடைய பெட்டிக்குத்தான் போகும்.

இந்த வரிசையில் எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், ஹார்ட் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். பூட்டியதே யாருக்கும் தெரியாது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். தம்பி தன் சொந்தக் கணக்கால் அந்த மெஷினைத் தயார் செய்திருந்தால் சாவி அவரிடம். ஒரு நாள் மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, நீலத் திரை வந்து அந்த 48 எண்களைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பது போனதுதான், எந்த சர்வீஸ் சென்டராலும் எடுக்க முடியாது. அவர் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு மெஷினிலும் அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் விண்டோவைத் திறந்து இதைக் கொடுத்தால் சாவி திரையில் வரும்:

```
manage-bde -protectors -get C:
```

அதை அச்செடுத்து பீரோவில் வைக்கலாம். 15 மெஷினுக்கு அரை நாள் வேலை.

இனி நிலுவை. நோட்டிலேயே எழுதக் கூச்சமான பகுதி இதுதான், புதியவருக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். நம் அலுவலகத்தில் 6 மெஷின்கள் 2016-இல் வாங்கியவை, ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். இந்த 6-உம் தேறாது. ராம் ஏற்றினாலும், எஸ்எஸ்டி போட்டாலும் பிராசசர் பழசுதான். தம்பி சொல்லியிருக்கிறார். "மார்ச் முடியட்டும் பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. எந்த மார்ச் என்று ஆடிட்டரும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

நோட்டில் வெறுமனே "6 சிஸ்டம் அப்கிரேட் பாக்கி" என்றிருந்தால், புதியவர் அதை முன்னவரின் சோம்பல் என்றே நினைப்பார். ஏன் பாக்கி, எப்போது கேட்டது, என்ன பதில், தள்ளிப்போட்டால் என்ன செலவு என்று எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது, தகவல். செலவையும் போட்டுக் காட்டலாம். நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டித்த பாதுகாப்புச் சேவை, ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் மறுபடி இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். இரண்டாம் வருடம் வந்து சேர்ந்தாலும் முதல் வருடப் பணத்தைக் கட்டியாக வேண்டும். அந்தத் தொகையோடு கொஞ்சம் சேர்த்தால் புது மெஷினே வந்துவிடும் என்பது ஆடிட்டருக்கு யாரும் சொல்லாமலே புரியும்.

அதைவிட ஆபத்தானது, நிலுவை என்றே தெரியாமல் ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருப்பது. 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு மெஷினில் மாட்டிய பிரிண்டரை மற்ற மேஜைகளிலிருந்து பயன்படுத்த முடியாமல் ஏராளமான அலுவலகங்கள் தவித்தன. திரையில் `0x0000011b` என்று வரும். பிரிண்டர் வழியாக வெளியாள் நுழையும் ஓட்டை ஒன்றை அடைத்ததன் விளைவு அது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 ஆக்கினால் பிரிண்ட் போகும். ஆனால் அடைத்த ஓட்டை திரும்பவும் திறந்துகொள்ளும். அன்றைக்கு அப்படிச் செய்து மறந்தவர்கள் நிறையப் பேர். பிரிண்டர் மாட்டிய மெஷினில் இதைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
reg query "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\Print" /v RpcAuthnLevelPrivacyEnabled
```

`0x0` என்று வந்தால் ஒட்டு இன்னும் இருக்கிறது. எல்லா மெஷினும் அப்டேட் ஆகியிருந்தால் அதை 1 ஆக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிரிண்ட் போகிறதா பார்க்கலாம். போகவில்லை என்றால் அந்தப் பிரிண்டரை நெட்வொர்க் கேபிளில் நேரடியாக இணைப்பதுதான் நிலுவை வேலை. நோட்டில் அதற்குரிய வரி இப்படி இருக்க வேண்டும்: எந்த மெஷின், எதை மாற்றினேன், எந்தத் தேதி, ஏன், எப்போது திருப்பலாம்.

யுபிஎஸ் பேட்டரி போட்ட தேதி, டேலி சந்தா முடியும் தேதி, டோக்கன்கள் காலாவதியாகும் தேதி எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். டேலி பேக்கப் மட்டும் எழுதினால் போதாது. கடைசி வாரத்தில் புதியவர் போன வாரத்துப் பேக்கப்பை வேறொரு மெஷினில் வேறு ஃபோல்டரில் விரித்து, ஒரு வாடிக்கையாளரின் லெட்ஜரைத் திறந்து காட்ட வேண்டும். பழையவர் பக்கத்தில் உட்காரலாம், மவுஸைத் தொடக் கூடாது. புதியவர் எந்த இடத்தில் நின்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி குறைகிறது.

முதலாளிகளுக்கு ஒன்று. கிளம்புவதற்கு முன் ஒரு மத்தியானம் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேலி, டொமைன், பிராட்பேண்ட், சிசிடிவி என்று ஒவ்வொன்றிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். அவர் போனுக்கு வந்தால், அங்கேயே அலுவலக நம்பருக்கும் அலுவலக இமெயிலுக்கும் மாற்றிவிடுங்கள். ஓடிபி சொல்ல அவர் எதிரில் இருக்கும்போது சில நிமிட வேலை. போன பிறகு என்றால், வெண்டரிடம் லெட்டர்ஹெட், ஜிஎஸ்டி சான்றிதழ், அடையாள அட்டை என்று நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.