பஞ்சத்தில் கருவானோர் கட்டையாகிப் போனார்களா? அவர்களின் பிள்ளைகளுடைய உயரம் சொல்லும் பதில்

"எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்துக்குள்ள பிறந்தது, அதுதான் கட்டை." காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் வயதில் மூத்தவர்கள் யாரையாவது காட்டி இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த வீட்டிலேயே அதற்கு மறுப்பும் இருக்கும். "நம்மட மூத்தவனும் அதே வருசம்தான் பிறந்தான், ஆறடி நிற்கிறானே?" என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒருவரின் உயரத்தை மட்டும் பார்த்து அவர் தாயின் வயிற்றில் பட்ட பசியைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. ஆய்வாளர்கள் இதற்குப் பதில் தேடி, கடைசியில் பஞ்சத்தில் தப்பியவர்களின் பிள்ளைகளை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று.

1973, 1974 ஆம் ஆண்டுகளை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் விலை ஏறின. கூப்பனுக்குக் கிடைத்த இலவச அரிசி குறைக்கப்பட்டது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கு வரிசையில் நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கைச் சோறாக்கினார்கள். படுவான்கரையில் நெல் விளைந்ததால் வாவியைச் சுற்றியிருந்த நமக்கு அந்தக் காலம் ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்தது. மலையகத் தோட்டங்களில் நிலைமை வேறு. 1974 இல் அங்கே மரணங்கள் கடுமையாகக் கூடின. அந்த ஆண்டு பிறந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளும் வளர்ந்து முடிந்துவிட்டார்கள்.

தாயின் வயிற்றில் பட்ட பசியைப் பற்றி உலகம் அதிகம் அறிந்துகொண்டது நெதர்லாந்திலிருந்து. 1944 கடைசியில் ஜெர்மானியப் படைகள் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தன. அம்ஸ்டர்டாம் நகரில் ஒரு ஆளுக்குரிய பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது. பின்னர் 400 முதல் 800 கலோரி வரையே கிடைத்தது. 1945 மே மாதம் நாடு விடுதலையானதும் சில வாரங்களுக்குள் பங்கீடு 2000 கலோரியைத் தாண்டியது. பசி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது தெளிவாகத் தெரிந்ததால், எந்தக் குழந்தை வயிற்றில் எத்தனையாவது மாதத்தில் பசியைக் கண்டது என்று பிறந்த திகதியை வைத்தே கணக்கிட முடிந்தது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பசியைக் கண்ட குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. ஆனால் அந்தத் தலைமுறையின் ஆண்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, வயிற்றில் பசித்திருந்தவர்களின் உயரம் மற்றவர்களின் உயரத்திலிருந்து வேறுபடவில்லை. நடுத்தர வயதில் ஆண்களையும் பெண்களையும் அளந்தபோதும் முடிவு மாறவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பிறந்த முதல் வருடத்தில் மட்டும் ஒரு குழந்தை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் வளர்கிறது. அந்த நேரத்தில் நெதர்லாந்துக் குழந்தைகளுக்கு உணவு திரும்பி வந்துவிட்டதால், வயிற்றில் விட்டதை வெளியே வந்து பிடித்துக்கொண்டார்கள். உயரத்தில் தடம் இல்லை என்பதால் உடலில் தடம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. ஐம்பது வயதளவில் சோதித்தபோது, இவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது.

சீனாவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. 1959 முதல் 1961 வரை மூன்று வருடங்கள் பஞ்சம் நீடித்தது. இறந்தோர் தொகை ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை பலவிதமாக மதிப்பிடப்படுகிறது. வயிற்றில் பசித்த குழந்தை வெளியே வந்தும் பசித்தது. அப்படியென்றால் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் தெளிவாகவே கட்டையாக இருக்க வேண்டும். ஆனால் வளர்ந்தபின் அளந்து பார்த்தால், பெரும்பாலான பிறந்த ஆண்டுகளில் அப்படியொரு வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவு பேரைக் கொன்ற பஞ்சம் பிழைத்தவர்களின் உயரத்தைத் தொடாமல் விட்டிருக்குமா?

இந்தப் புதிருக்குச் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது. நாம் அளப்பது உயிரோடு இருப்பவர்களை மட்டுமே. பஞ்சத்தில் மெலிந்த, சிறிய குழந்தைகள் அதிகம் இறந்திருந்தால், மிஞ்சியவர்கள் இயல்பிலேயே உயரமாக வளரக்கூடியவர்கள். பசி அவர்களின் உயரத்தைக் குறைத்தது. சிறியவர்களின் மரணமோ மிஞ்சியவர்களின் சராசரியை உயர்த்தியது. ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஊரில் 100 குழந்தைகள். பஞ்சம் வராவிட்டால் அவர்களில் 50 பேர் சராசரியாக 160 சென்ரிமீற்றரும், மற்ற 50 பேர் 170 சென்ரிமீற்றரும் வளர்வார்கள். ஊரின் சராசரி 165. இப்போது பஞ்சம் வருகிறது. கட்டையான பாதியில் 30 பேரும் உயரமான பாதியில் 10 பேரும் இறக்கிறார்கள். மிஞ்சிய 60 பேரில் 20 பேர் 160 வகை, 40 பேர் 170 வகை. இவர்கள் அடைந்திருக்க வேண்டிய சராசரி உயரம் 166.7. பசி ஒவ்வொருவரிடமிருந்தும் 2 சென்ரிமீற்றரைப் பறித்ததாக வைத்தால், நாம் அளக்கும்போது கிடைப்பது 164.7. பக்கத்து வருடத்தில் பிறந்தவர்களின் 165 உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 0.3. "பஞ்சம் உயரத்தை ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பறிபோனது 2 சென்ரிமீற்றர்.

பிள்ளைகள் சாட்சிக்கு வருவது இந்த இடத்தில்தான். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது வளரக்கூடிய இயல்பு. சிறு வயதில் பசியால் குறைந்த உயரம் அந்த வழியில் போவதில்லை. நம் கணக்கில் மிஞ்சிய 60 பேரும் தமக்குள்ளேயே மணம் முடித்து, நல்ல உணவுள்ள காலத்தில் பிள்ளை பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இயல்பு முழுவதும் கடத்தப்பட்டால், அந்தப் பிள்ளைகள் பக்கத்து வருடத்தாரின் பிள்ளைகளை விட 1.7 சென்ரிமீற்றர் உயரமாக இருப்பார்கள். பெற்றோர் 0.3 கட்டை, பிள்ளைகள் 1.7 உயரம். இரண்டையும் கூட்டினால் ஒளிந்திருந்த 2 சென்ரிமீற்றர் வெளியே வருகிறது. உண்மை வாழ்க்கையில் இயல்பு முழுவதுமாகக் கடத்தப்படுவதில்லை. அதனால் பஞ்சம் காணாத குடும்பங்களில் பெற்றோரின் உயரத்துக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் உள்ள உறவை அளந்து, அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

டியூ கோர்கன்ஸ், சின் மெங், ரேமா வைத்தியநாதன் ஆகிய மூவரும் இந்த வழியில் சீனப் பஞ்சத்தை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டார்கள். கிராமப்புறங்களில் முதல் ஐந்து வயதுக்குள் பஞ்சத்தைக் கண்டு பிழைத்தவர்கள் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை உயரத்தை இழந்திருந்தார்கள் என்பது அவர்களின் முடிவு. அதற்கு முன்னர், 2007 இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, பஞ்சம் கடுமையாக இருந்த மாகாணங்களையும் குறைவாக இருந்த மாகாணங்களையும் ஒப்பிட்டு, 1959 இல் பிறந்தவர்கள் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் இழந்ததாகக் கணித்தது. வழிகள் வேறு, அளவுகள் வேறு. இழப்பு இருந்தது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, பசியால் வந்த கட்டை பிள்ளைக்குப் போகாது என்ற எடுகோள். தாய் கட்டையாக இருந்தால் குழந்தை சிறிதாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவம் அறியும். தாயின் குறை ஓரளவு பிள்ளைக்கும் போயிருந்தால், பிள்ளைகள் இருக்க வேண்டியதை விடக் கட்டையாக இருப்பார்கள். அப்போது கணக்கில் வரும் இழப்பு உண்மையை விடக் குறைவாகவே இருக்கும். இரண்டாவது, பஞ்ச காலத்தில் கருத்தரிப்பே குறைந்துவிடும். அந்த நேரத்திலும் பிள்ளை பெற்றவர்கள் ஓரளவு வசதியான வீட்டாராக இருக்கலாம். நெதர்லாந்தில் பிந்திய ஆய்வொன்று, பஞ்சத்துப் பிள்ளையை அதே தாயின் வேறு வருடத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டது இதனால்தான். மூன்றாவது, சீனாவில் வயிற்றுப் பசியையும் பிறந்தபின் வந்த பசியையும் பிரித்தெடுப்பது கடினம்.

நெதர்லாந்திலும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வயிற்றில் பசித்த ஆண்களின் பிள்ளைகள், வளர்ந்தபின் மற்றவர்களை விடச் சராசரியாக ஏறத்தாழ 5 கிலோ எடை கூடியிருந்ததாக 2013 இல் ஒரு ஆய்வு சொன்னது. வயிற்றில் பசித்த பெண்களின் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் காணப்படவில்லை. சிறிய குழுவில் கண்டது என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது.

இரண்டு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், வயிற்றுப் பசி உயரத்தில் நிலைக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பிறந்தபின் வரும் இரண்டு மூன்று வருடங்கள். நமக்கு இது பழங்கதை மட்டுமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியிருந்தன. கர்ப்பிணித் தாய்மாருக்கான திரிபோஷவுக்கும் தட்டுப்பாடு வந்தது. அதைப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பல வீடுகளில் தாய்மார் தம் கோப்பையைத்தான் முதலில் குறைத்தார்கள். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகள் 2028 அளவில் முதலாம் வகுப்புக்கு வருவார்கள்.

அந்தப் பிள்ளைகளின் கிளினிக் புத்தகத்தில் எடைக்கோட்டோடு உயரக்கோடும் இருக்கிறது. பல வீடுகளில் எடையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். உயரக்கோடு தொடர்ந்து கீழே சாய்ந்தால், "வாப்பாவும் கட்டைதானே, பரம்பரை" என்று விட்டுவிடாமல் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். அந்த வாப்பா பிறந்தது எந்த வருடம் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருடைய கட்டை பரம்பரையால் வந்ததா, பசியால் வந்ததா என்று அவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பசியால் வந்ததென்றால், அவருடைய பிள்ளை அவரை விட உயரமாக வளர வேண்டியது.