புதன்கிழமை வரை பொறுங்கள், சார்

“சார், திங்கட்கிழமை தரவேண்டிய விளம்பர அறிக்கையைப் புதன்கிழமை மாலை தரட்டுமா? கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் எச்சங்களை வாரவாரியாக வரைந்து பார்த்தேன், அவை அலையலையாக வருகின்றன. இந்த நிலையில் 1.2 என்ற எண்ணை முதலாளி கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.”

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் எனக்கு எழுதிய கடிதம் இது. வேலை ஒரு ஜவுளிக்கடைக்கானது. 52 வாரங்களின் விளம்பரச் செலவையும் விற்பனையையும் புள்ளிகளாக வைத்து, அவற்றுக்கு நடுவே பொருத்தமான ஒரு நேர்கோடு போட்டிருந்தார். ரெக்ரஷன் என்பது இதுதான். விளம்பரத்துக்கு ஒரு லட்சம் கூட்டினால் விற்பனை 1.2 லட்சம் கூடும் என்றது கோடு. நிலைப்பிழை 0.5. அதை இரட்டித்துக் கூட்டிக் கழித்தால், உண்மை 0.2-க்கும் 2.2-க்கும் இடையில் இருக்கும். பூஜ்யம் அதற்குள் வரவில்லை, ஆகவே விளம்பரம் பலிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கோடு சொன்ன விற்பனைக்கும் நடந்த விற்பனைக்கும் உள்ள வித்தியாசமே எச்சம். இந்த வாரத்து எச்சத்தைப் பார்த்து அடுத்த வாரத்தை ஊகிக்க முடியக்கூடாது. அந்த நம்பிக்கையில்தான் நிலைப்பிழையே கணக்கிடப்படுகிறது. அவர் வரைந்த படத்திலோ ஆடித் தள்ளுபடி வாரங்கள் வரிசையாக மேலே நின்றன, தீபாவளி முடிந்த வாரங்கள் வரிசையாகக் கீழே கிடந்தன. இதை அளக்கும் டர்பின்–வாட்சன் எண் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வந்தது 0.8.

பக்கத்துப் பக்கத்து வாரங்கள் ஒரே சேதியைத் திரும்பச் சொல்லும்போது, 52 சாட்சிகள் இருப்பதாக எண்ணுவது தவறு. சாட்சி குறைந்தால் பிழை பெரிதாகும். விளம்பரச் செலவும் அதே அலையில் ஏறி இறங்கியதால், அவருடைய தோராயக் கணக்கில் நிலைப்பிழை 0.73 ஆனது. இப்போது வீச்சு −0.26 முதல் 2.66 வரை. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது.

இந்தத் திருத்தத்துக்கு மட்டும் நான் இரண்டு நாள் தந்திருக்க மாட்டேன். நியூவி–வெஸ்ட் முறையில் அது சில நிமிட வேலை. கடிதத்தின் அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது: “விளம்பரமும் ஆடியிலும் தீபாவளியிலும்தான் அதிகம். அப்படியானால் பண்டிகை கொண்டுவந்த விற்பனையையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதியிருக்கிறோமோ?” அது நிலைப்பிழையின் கோளாறு அல்ல, 1.2 என்ற எண்ணிலேயே உள்ள கோளாறு. பிழையை எவ்வளவு திருத்தினாலும் அது போகாது. கடையின் பழைய பதிவுகளைப் புரட்டி, எந்தெந்த வாரம் பண்டிகை வாரம் என்று குறித்து, அதைத் தனி மாறியாகச் சேர்க்க வேண்டும். நேரம் பிடிப்பது அந்த வேலைதான்.

எச்சங்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்று சோதிக்க அவர் நேரம் கேட்கவில்லை. ஒதுங்கி நிற்கும் புள்ளி ஏதுமில்லாத 52 வாரங்களில் அதனால் முடிவு பெரிதாக மாறாது. எதை விடலாம் என்றும் தெரிந்தே கேட்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. “சரிம்மா, புதன்கிழமை” என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை வந்த அறிக்கையில் டர்பின்–வாட்சன் 1.8. முன்பு 1.2 இருந்த இடத்தில் 0.4 இருந்தது.