அவுட்ரிகருக்கு அடியில் எவ்வளவு பலகை?

மொபைல் க்ரேன் பாரம் தூக்கும்போது அதன் டயர்கள் வழக்கமாகத் தரையைத் தொடுவதில்லை. பக்கவாட்டில் நீட்டி ஊன்றிய நான்கு அவுட்ரிகர் கால்கள்தான் வண்டியையும் பாரத்தையும் சேர்த்துத் தாங்குகின்றன. ஒவ்வொரு காலின் முனையிலும் ஒரு ஜாக், அதன் கீழே ஒரு பாதத்தட்டு. நடுத்தர க்ரேன்களில் அந்தத் தட்டு ஏறத்தாழ அரை மீட்டர் அகலம்தான் இருக்கும். இறுகிய தரையில் அது போதும். ஈரக் களிமண்ணில் போதாது. பாதத்தட்டுக்கும் மண்ணுக்கும் இடையே பலகை போட்டுப் பாரத்தைப் பரப்ப வேண்டும். அந்தப் பலகை எவ்வளவு பெரியதாக, எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

வயலாக இருந்த ஈரமான களிமண் நிலத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரை இறக்கி வைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். க்ரேனின் சொந்த எடை 42 டன். டிரான்ஸ்பார்மர், கொக்கி, ஸ்லிங் எல்லாம் சேர்ந்து 8 டன். க்ரேனின் சுழல் மையத்திலிருந்து பாரம் தொங்கும் இடம் வரை 10 மீட்டர். அவுட்ரிகர் கால்களுக்கு இடையே இரு திசையிலும் 6 மீட்டர்.

மொத்தம் 50 டன், கால்கள் நான்கு, ஆகவே காலுக்கு 12.5 டன் என்று கணக்கு முடிந்துவிடுவதுபோலத் தோன்றும். பலகை தவறாகப் போவது பெரும்பாலும் இந்த வகுத்தலில்தான். பாரம் மையத்தில் இல்லை, 10 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. 8 டன்னை 10 மீட்டரால் பெருக்கினால் 80 டன்-மீட்டர் கவிழ்ப்புத் திருப்பம். பூமின் எடையை 7 டன் என்றும் அதன் ஈர்ப்பு மையம் 4 மீட்டர் முன்னால் என்றும் கொண்டால் இன்னொரு 28. பின்புறமுள்ள எதிர் எடையும் மேற்கட்டின் பின்பகுதியும் சேர்ந்து 9 டன், 2 மீட்டர் பின்னால் என்றால், அவை 18-ஐக் குறைத்துத் தருகின்றன. மிஞ்சும் திருப்பம் 90 டன்-மீட்டர்.

பூம் நேராக ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து இரண்டு கால்களும் இந்தத் திருப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. காலுக்குக் கூடுவது 7.5 டன், ஆக 20 டன். பூம் சுழன்று சரியாக ஒரு காலின் மேல் வரும்போது நிலைமை மாறுகிறது. 90-ஐ 6-ஆல் வகுத்து 0.707-ஆல் பெருக்கினால் 10.6 டன் வரும். அது முழுவதும் அந்த ஒரு காலில் ஏறுகிறது: 12.5-உம் 10.6-உம் சேர்ந்து 23.1 டன். மூலைவிட்டத்தில் எதிரே உள்ள காலில் மிஞ்சுவது 1.9 டன் மட்டுமே. மற்ற இரண்டு கால்களும் 12.5 டன்னிலேயே இருக்கின்றன. நான்கையும் கூட்டினால் மறுபடி 50 வரும். கணக்கு சரிதானா என்று பார்க்க இது எளிய வழி. எதிர்க்காலில் விடை எதிர்க்குறியில் வந்தால் அந்தக் கால் தரையை விட்டு எழுகிறது என்று பொருள். அதன்பின் இந்தக் கணக்கு செல்லாது.

டிரான்ஸ்பார்மரை வைக்கப்போகும் இடம் எந்தக் காலுக்கும் நேராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் லாரியிலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோகும் வழியில் பூம் ஏதாவது ஒரு காலைக் கடந்தே தீரும். அந்தக் கணம்தான் கணக்கில் எடுக்க வேண்டியது. கால்கள் எல்லாம் ஒரே சீராக ஊன்றியிருக்காது, சட்டம் முறுக்கும், பாரம் நிற்கும்போது ஒரு குலுக்கல் இருக்கும். இவற்றுக்காக 15 சதவீதம் கூட்டினால் 27 டன். க்ரேன் தயாரிப்பாளர் தரும் கால் பார அட்டவணை கிடைத்தால் அதையே நம்புவது மேல். எதுவும் கிடைக்காத இடங்களில் மொத்த எடையில் முக்கால் பங்கு ஒரே காலில் வரும் என்று கொள்வதுண்டு. இங்கே அது 37.5 டன் ஆகும். தேவைக்கு மிஞ்சியது என்றாலும், பிழை பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறது.

அரை மீட்டர் சதுரப் பாதத்தட்டின் பரப்பு கால் சதுர மீட்டர். 27 டன்னை அதனால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 108 டன் அழுத்தம். இதை மண் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

இங்கே கட்டட மண் ஆய்வு அறிக்கையில் உள்ள தாங்குதிறனை அப்படியே எடுத்துப் போடுவது பெரிய தவறு. அந்த எண் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் உட்காரும் அஸ்திவாரத்துக்கானது. அவுட்ரிகர் உட்காருவது மழையிலும் லாரிச் சக்கரத்திலும் குழைந்த மேல்மண்ணில். களிமண்ணில் பார்க்க வேண்டியது அதன் வெட்டு வலிமை. அரை மீட்டர் குழி தோண்டி, கையடக்க வேன் கருவியைச் செருகித் திருகினால் அந்த எண் கிடைக்கும். கருவி இல்லாதபோது கட்டைவிரலே முதல் சோதனை. விரல் எளிதாக உள்ளே இறங்கினால் மண் மென்மையானது, வெட்டு வலிமை சதுர மீட்டருக்கு 2 முதல் 4 டன் வரை இருக்கும். நல்ல பலம் கொடுத்தால்தான் பதிகிறது என்றால் 4 முதல் 7.5 வரை. பிசையும்போது விரலிடுக்கில் பிதுங்கினால் 2-க்கும் கீழே. அந்த இடத்தில் பலகையை மட்டும் நம்பி க்ரேனை நிறுத்தக் கூடாது.

மேலே வைத்த சதுரப் பலகையின் கீழ் களிமண் உடையும் அழுத்தம், அதன் வெட்டு வலிமையைப் போல ஏறத்தாழ 6 மடங்கு. நம் நிலத்தில் வேன் 2.5 டன் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 15 டன்னில் மண் உடையும். பாதத்தட்டு கொடுப்பது 108. பலகை இல்லாவிட்டால் கால் புதைந்துவிடும். உடையும் அளவில் பாதியை மட்டும் அனுமதித்தால் 7.5 டன். மண்ணை ஒரே இடத்தில் மட்டும் சோதித்திருந்தால் பாதிக்கும் குறைவாகவே அனுமதிப்பது நல்லது.

பலகையின் சொந்த எடையும் மண்ணில்தான் இறங்குகிறது. அதற்கு ஒரு டன் சேர்த்து 28 டன்னை 7.5-ஆல் வகுத்தால் 3.73 சதுர மீட்டர். ஆகவே 2 மீட்டருக்கு 2 மீட்டர் பலகை. பரப்பு 4 சதுர மீட்டர், அழுத்தம் 7 டன், அனுமதித்ததற்குள் அடங்குகிறது.

பல இடங்களில் கணக்கு இத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் பரப்பளவு காகிதத்தில் இருந்தால் போதாது. பலகை வளையாமல் இருந்தால்தான் அதன் ஓரம் வரை பாரம் போய்ச் சேரும். பாதத்தட்டின் விளிம்பிலிருந்து பலகையின் ஓரம் வரை 75 செ.மீ. நீண்டிருக்கிறது. கீழிருந்து மண் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த நீட்டல் தாங்கவேண்டிய வளைவுத் திருப்பம் ஏறத்தாழ 3.8 டன்-மீட்டர்.

பலரும் கொண்டுவந்து போடும் 12 மி.மீ. இரும்புத் தகட்டை இதில் வைத்துப் பார்த்தால், தகட்டில் எழும் அழுத்தம் சாதாரண எஃகு நிரந்தரமாக வளைந்துவிடும் அளவைப்போல மூன்று மடங்கு வருகிறது. தகடு கோரைப்பாய் போல மடங்கும். நடுப்பகுதி மட்டும் மண்ணில் அமுங்க, ஓரங்கள் பாரமே இல்லாமல் மேலே நிற்கும். 25 மி.மீ. தகடு உடனே மடங்காது, ஆனாலும் ஓரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளையும். அந்தக் களிமண் மொத்தமாகவே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்கும் என்பதால், இந்த வளைவு பாரப் பரவலைக் கணிசமாகக் கெடுக்கும்.

தடித்த வன்மரக் கட்டைகள் இந்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் கட்டைகளை ஒரே திசையில் அடுக்கினால் பாரம் நீளவாக்கில் மட்டும் பரவும். பக்கத்துக் கட்டை சும்மா கிடக்கும். ஆகவே இரண்டு அடுக்கு வேண்டும். கீழே 2 மீட்டர் நீளக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி 2 மீட்டர் அகலம் நிரப்ப வேண்டும். அதன் மேல் குறுக்காக, பாதத்தட்டுக்கு நேர் கீழே, 25 செ.மீ. அகலக் கட்டைகள் மூன்று. மரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ வளைவழுத்தம் அனுமதித்தால் மேலடுக்குக்கு 17.4 செ.மீ. தடிமன் தேவை; 20 செ.மீ. கட்டை போடலாம். கீழடுக்குக்கு வலிமைக் கணக்கில் 9 செ.மீ. போதும் என்று வரும். வளைவு குறைய அதற்கும் 20 செ.மீ. கட்டையே நல்லது. இரண்டு அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு டன் எடை வரும். முன்பு எடுத்துக்கொண்டதும் அதுவே. நடுவில் உளுத்த கட்டையும் நீளவாக்கில் வெடித்த கட்டையும் இந்தக் கணக்குக்குள் வராது, அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

பலகைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாதவை வேறு இருக்கின்றன. வெயிலில் காய்ந்த மேல்மண் கல்லைப்போல இருக்கும், அரை மீட்டருக்குக் கீழே சேறாக இருக்கலாம். 2 மீட்டர் பலகையின் பாரம் அரை மீட்டர் ஆழத்தில் தோராயமாக 2.5 மீட்டர் சதுரமாகப் பரவி, சதுர மீட்டருக்கு 4.5 டன்னாகக் குறைகிறது. அடியிலுள்ள சேறு அதைத் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அண்மையில் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளமும் செப்டிக் டேங்கும் இன்னும் மோசமானவை. திறந்த பள்ளத்தின் ஓரத்திலிருந்து, குறைந்தது அதன் ஆழத்தின் அளவுக்காவது பலகையைத் தள்ளி வைக்க வேண்டும். மென்மையான மண்ணில் அதைவிடத் தள்ளி.

கால் இறங்கினால் பாரமும் கூடுகிறது. பல க்ரேன்களின் பார அட்டவணை, வண்டி ஒரு சதவீதத்துக்கு மேல் சாயாது என்ற நிபந்தனையில் தயாரிக்கப்பட்டது. 6 மீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் 6 செ.மீ. இறங்கினாலே அந்த எல்லை வந்துவிடும். பூம் நுனி 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் பாரம் 30 செ.மீ. வெளியே நகர்கிறது, திருப்பம் கூடுகிறது, ஏற்கெனவே இறங்கிய காலிலேயே இன்னும் எடை ஏறுகிறது.

இதனால்தான் முதல் தூக்கலில் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் எழுப்பிச் சில நிமிடங்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். பலகையின் நான்கு மூலைக்கும் முன்பே மட்டம் எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு இறங்கியது என்று உடனே தெரியும். முதலில் சிறிது இறங்கி நின்றுவிட்டால் மண் இறுகிவிட்டது. நிற்காமல் இறங்கினாலோ, பலகை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, ஓரத்தில் மண் புடைத்து விரிசல் விட்டாலோ மண் உடையத் தொடங்கிவிட்டது. பாரத்தை உடனே கீழே வைக்க வேண்டும். அந்த நிலையில் ஜாக்கை ஏற்றி மட்டம் சரிசெய்து வேலையைத் தொடர்வது ஆபத்தானது, ஏனென்றால் மண்ணின் வலிமை கொஞ்சமும் கூடுவதில்லை. இரவில் மழை பெய்திருந்தால், நேற்று எடுத்த வேன் அளவீட்டை விட்டுவிட்டுக் காலையில் புதிதாக எடுக்க வேண்டும்.