இரவு 1.30 மணிக்கு ஆள் மாறட்டும்

தாய்வீட்டில் இருந்தவரை, நடுராத்திரியில் குழந்தை சிணுங்கினால் வாங்கிக்கொள்ள அம்மாவோ சித்தியோ இருந்தார்கள். ஐந்தாம் மாதம் புகுந்தவீடு திரும்பியதும் பகலும் இரவும் இரண்டே பேர். தூக்கக் கடன் ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

"இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்" என்று மாறி மாறி எழுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் அழுகை இருவரையுமே எழுப்பிவிடும். உடம்பைத் தேற்றும் ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் வருவது. அடிக்கடி முறிந்தால், மொத்தம் ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் அசதி தீராது. ஆளுக்கு 4, 5 மணி நேரமாவது முறியாத தூக்கம் கிடைக்கும்படி இரவை இரண்டாகப் பிரிப்பதே மேல்.

கணவர் காலை 8.30க்கு வேலைக்குக் கிளம்பும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு மனைவி வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். 1.30 வரை குழந்தை அப்பாவிடம். 12 மணிவாக்கில் எழுந்தால், மாலையில் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுகிறார். ஃபிரிட்ஜில் அந்தப் பால் 4 நாள் தாங்கும். வெளியே, நம் வெயிலில் 4 மணி நேரத்தைக்கூட நம்பக் கூடாது. 1.30க்கு மனைவி எழும்போது மார்பு நிறைந்திருக்கும். அடுத்த பால் அவருடையது. கணவர் 6.30 வரை தூங்கலாம். பால் சுரப்பு நிலைப்படாத முதல் வாரங்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

பீய்ச்ச முடியாதவர்கள் உண்டு. அங்கே கணவர் குழந்தையைத் தூக்கி வந்து கொடுத்து, குடித்ததும் வாங்கி, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தூங்கவைக்க வேண்டும். அம்மாவின் விழிப்பு ஒரு மணியிலிருந்து கால் மணியாகக் குறையும். தூக்கம் சொக்கும்போது குழந்தையோடு சோபாவில் சாயவே கூடாது; மூச்சு முட்டும் ஆபத்து அங்கே மிக அதிகம்.

சில இரவுகள் இப்படித் தூங்கியதும் மனம் லேசானால் அது அசதி. குழந்தை தூங்கியும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லை, காரணமில்லாமல் அழுகை அல்லது எரிச்சல் என்று இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால், ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். 1987இல் வெளியான எடின்பரோ கேள்வித்தாளின் 10 கேள்விகள் மனச்சோர்வை அடையாளம் காண உதவும். அப்பாக்களுக்கும் இது வரும். அவர்களிடம் பெரும்பாலும் சிடுசிடுப்பாக, வீட்டுக்கு வராமல் வேலையிலேயே கிடப்பதாக வெளிப்படும்.

சாக வேண்டும், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை தின்றால் பாலை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயந்தே பல பெண்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.